எட்டுக்குப் பிறகு பத்து

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், உலகம் தோன்றிய நாள்முதல் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் குந்தியிருந்த ஒன்பது என்னும் எண், கிளிநொச்சிப் பக்கத்து அரச அலுவலகம் ஒன்றில், மார்ச் மாதத்து முதலாம் திங்கட்கிழமை காலை எட்டரை மணியுடன் ஒழிக்கப்பட்டுள்ளது. பொதுமக்கள் இனிமேல் எட்டுவரை எண்ணி, ஒருதரம் மூச்சுவிட்டு, நேரே பத்துக்குப் போகுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இந்த அறிவித்தலை எழுதிக் கையொப்பமிட்டவர் நிருவாக உத்தியோகத்தர் யோகநாதன். தன் சேவைக்காலத்தில் செய்த ஆகப்பெரிய சமூகப் புரட்சி இதுதான் என்று அவர் உண்மையாகவே நம்பினார். பொதுமக்கள் விண்ணப்பம் கொடுக்கும் ஒன்பதாம் கருமபீடத்தின் பலகை கழற்றப்பட்டு, அந்த இடத்தில் ‘8 அ’ என்று புதுப்பலகை ஏறியது.

ஐந்து கிழமைக்குப் பிறகு, ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தயாளினி அந்த அலுவலகத்துக்குள் வந்து ஒன்பதாம் கருமபீடத்தைத் தேடினாள். எட்டைக் கண்டாள். ஆளில்லாத ‘8 அ’வை அதன் ஒட்டு என்று நினைத்துத் தாண்டினாள். பத்தைக் கண்டாள். பத்தில் இருந்தவர் எட்டுக்குப் போகச் சொன்னார். எட்டில் இருந்தவர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.

தயாளினி வட்டக்கச்சியில் தையல்கடை வைத்திருப்பவள். முப்பத்துநாலு வயது. சாரிச் சட்டை தைப்பதில் அவளை வெல்ல முரசுமோட்டை வரைக்கும் ஆளில்லை. பிறந்தபோது ஆண்பிள்ளை என்று பதிந்துவிட்டார்கள். அந்தப் பிழையைத் திருத்த அவளுக்குப் பன்னிரண்டு வருடம் போனது. வைத்தியரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, பதிவாளரிடம் கொடுத்து, பிறப்புச் சான்றிதழைத் திருத்தி முடித்தாயிற்று. அதில் இப்போது பெயர் தயாளினி, பால் பெண். பழைய பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. அலுவலகத்தில் அதைக் கேட்காதவர்கள் குறைவு.

மிச்சம் இருந்தது அடையாள அட்டை ஒன்றுதான். ஓமந்தையில் ஒரு பயிற்சி நிலையம் அவளைத் தையல் போதனாசிரியராகத் தெரிவு செய்திருந்தது. நிரந்தர வேலை. புதுப்பெயரில் அடையாள அட்டையை ஏப்ரல் முப்பதுக்குள் காட்டவேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று கடிதத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். விண்ணப்பத்தை அவள் பெப்ரவரியிலேயே ஒன்பதாம் கருமபீடத்தில் கொடுத்துவிட்டாள். அட்டை வரவில்லை. இப்போது கருமபீடத்தையும் காணவில்லை.

“அக்கா, ஒன்பது எங்க போட்டுது?” என்று பத்திலிருந்தவரிடம் திரும்பவும் கேட்டாள்.

அவர் பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். “ஐயோ தங்கச்சி, அந்தச் சொல்லை இஞ்ச சொல்லக்கூடாது. உங்களுக்காகத்தான் எடுத்தவை.”

உங்களுக்காக. தன்னைப்போன்றவர்கள்மேல் தெருவில் எறியும் வசவு அந்த எண்தான் என்பதால் தயாளினிக்கு விளங்கிவிட்டது. ஜனவரி மாதத்துக் கூட்டம் நினைவுக்கு வந்தது.

*

அந்தக் கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் வந்தபோதே அவளுக்குச் சகுனம் சரியாகப் படவில்லை. கடித உறையில் ‘திரு. நங்கை தயாளினி அவர்கட்கு’ என்று இருந்தது. தட்டச்சு செய்தவர் ‘திரு’வைக் கண்டதும் பழக்கதோஷத்தில் ஒரு புள்ளியைக் குத்திவிட்டார். இருபது வருடமாக உடம்பாலும் மனத்தாலும் பட்ட பாட்டை அந்த ஒற்றைப் புள்ளி ஒரு நொடியில் துடைத்துவிட்டு, அவளை மறுபடியும் ஐயா ஆக்கியது.

அவளை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவன் ரஜிதன். ரியூசனில் கணிதம் படிப்பிப்பவன். ‘நல்ல பெடியன், ஏனோ இன்னும் கலியாணம் கட்டேல்ல’ என்று ஊர் அவனைப்பற்றிக் கதைக்கும். ஏன் கட்டவில்லை என்பது ஊரில் தயாளினிக்கு மட்டும் தெரியும். அவனுடைய மனம் போன இடமெல்லாம் ஆண்கள்தான். கடித உறையைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “புள்ளியின்ர வேலையைப் பாத்தியா? கணக்கிலயும் இப்பிடித்தான். தசமப்புள்ளி ஒண்டு இடம்மாறினால் ஆள் முடிஞ்சுது.”

கூட்டத்தின் பெயர் ‘பால்நிலைசார் சொற்பிரயோகச் சீர்திருத்தக் குழுவின் அங்குரார்ப்பணக் கூட்டம்’. பெயரை வாசித்து முடிக்கும்போது பாதிப்பேருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. யோகநாதன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“எங்கட திருநங்கையும் வந்திட்டுது. அப்ப தொடங்குவம்.”

தயாளினி அந்த ‘வந்திட்டுது’வைக் காதில் வாங்கி, பிறகு கேட்கலாம் என்று வைத்துக்கொண்டாள்.

வெள்ளைப்பலகையில் யோகநாதன் வரிசையாகச் சொற்களை எழுதினார். ‘அலி’ என்ற சொல்லைச் சுட்டிக்காட்டி, “இது பழைய இலக்கணத்திலயும் நிகண்டிலயும் உள்ள சொல். தூய தமிழ். இதை ஏன் விடவேணும்?” என்றார்.

“அந்தக் காலத்தில வசவா இல்லாமல் இருந்திருக்கலாம் சேர்,” என்றாள் தயாளினி. “ஆனால் நான் இலக்கணப் புத்தகத்தில இதைக் கேக்கேல்ல. பஸ்ஸில கேட்டனான். பின்சீற்றில இருந்து கடலைக்கோதோட சேத்து எறிஞ்சவங்கள்.”

யோகநாதன் மனமில்லாமல் அழித்தார். அடுத்தது ‘அரவாணி’.

“இது நல்ல சொல்லெல்லோ? புராணமும் இருக்கு.”

“நல்லெண்ணத்தோட வந்த சொல்தான். முந்தின வசவுகளுக்குப் பதிலா இந்தியாவில தொண்ணூறுகளில கொண்டுவந்தவை. அந்த நேரம் அது பெரிய ஆறுதல். ஆனால் அந்தக் கதையில அரவானுக்கு எண்டு ஒருநாள் தாலி கட்டி, அடுத்தநாள் அறுக்கிறது. சீவியம் முழுக்க நான் ஏன் சேர் ஒருநாள் பொம்பிளையா இருக்கவேணும்? வேதக்காரப் பிள்ளையள், இஸ்லாமியப் பிள்ளையளும் எங்களுக்க இருக்கினம். அவைக்கு அரவான் ஆர்? அதுதான் பிறகு திருநங்கை எண்டு வந்தது. எங்கட ஆக்களுக்கும் பிடிச்சுது, அங்கத்தை அரசாங்கமும் எடுத்துது. பெண்ணாப் பதிஞ்சு ஆணா வாழுறவைக்குத் திருநம்பி.”

“மூன்றாம் பாலினம்?”

“ஆர் முதலாவதாம் சேர்?” என்று பின்கதிரையிலிருந்து ரஜிதன் கேட்டான். “எண் போட்டால் வரிசை வந்திடும். சில பேர் தங்களைத் தாங்களே அப்பிடிச் சொல்லுவினம், அது அவையின்ர விருப்பம். மற்ற எல்லாரையும் அதுக்குள்ள தள்ளக்கூடாது. இவ தன்னைப் பெண் எண்டுறா. பிறகென்ன மூண்டு?”

கிருசாந்தி என்ற எழுதுவினைஞர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்து குறிப்பு எழுதினார். ஒன்பதாம் கருமபீடத்தில் இருப்பவர் அவர்தான். பயந்த சுபாவம். சுற்றறிக்கை ஒன்று வந்தால் அதை வாசிப்பதற்கு முன்பே கீழ்ப்படிந்துவிடுவார்.

பிறகு யோகநாதன் குரலைத் தாழ்த்தி, ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்று பலகையில் சின்ன எழுத்தில் எழுதினார். எழுத்தைச் சின்னதாக்கினால் விஷயமும் சின்னதாகும் என்று நினைத்தாரோ என்னவோ. “இது பத்திரிகையிலயே போடுற சொல். இதில பிழை இருக்க ஏலாது.”

ரஜிதன் கதிரையிலிருந்து எழும்பப்போவதைத் தயாளினி கண்டாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அவன் கேட்கவில்லை.

“சேர், நீங்கள் கலியாணம் கட்டி எத்தினை வருசம்?”

“முப்பத்தொண்டு. ஏன் தம்பி?”

“ஆரும் உங்களை ‘எதிரினச்சேர்க்கையாளர் யோகநாதன்’ எண்டு கூப்பிட்டவையோ?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. யோகநாதன் சிரிக்கவில்லை.

“சேர்க்கை எண்டால் கட்டில் மட்டும்தான் தெரியும்,” என்றான் ரஜிதன், இப்போது மெதுவாக. “ஒருத்தன் இன்னொருத்தனை நினைச்சு நித்திரை இல்லாமல் கிடக்கிறது, அவனுக்குக் காய்ச்சல் எண்டால் பதறுறது, இதொண்டும் அந்தச் சொல்லுக்க இல்லை. தன்பாலீர்ப்பு எண்டு சொல்லுங்கோ. ஈர்ப்பு எண்டால் மனமும் இருக்கு. மற்றது, இதையும் திருநங்கையையும் ஒரே சாக்கில கட்டாதேங்கோ. தான் ஆர் எண்டுறது ஒண்டு. ஆரில விருப்பம் எண்டுறது வேற.”

“தம்பி ரியூசன் வாத்தியார். உமக்கு இதுகளில என்ன இவ்வளவு அக்கறை?”

ரஜிதன் மோட்டார்சைக்கிள் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“கணக்குப் பாடம்தானே சேர்,” என்றான் ரஜிதன். “வகைப்படுத்தல் பிழைச்சால் விடை பிழைக்கும்.” உட்கார்ந்துவிட்டான்.

‘குயர்’ என்ற சொல்லும் வந்தது. ஆங்கிலத்தில் அது ஒருகாலத்தில் வசவு, வசவு வாங்கினவர்களே அதை எடுத்துப் பதக்கமாக மார்பில் குத்திக்கொண்டார்கள், தமிழில் பால்புதுமையினர் என்று ஆக்கியிருக்கிறார்கள் என்று தயாளினி விளக்கினாள். யோகநாதனுக்கு உற்சாகம் பிறந்தது. “அப்ப எந்த வசவையும் நாங்கள் நல்லசொல் ஆக்கலாம்!”

“நீங்கள் ஏலாது சேர். வாங்கினவைதான் ஆக்கலாம். நானும் என்ர சிநேகிதியளும் எங்களுக்குள்ள ‘வாடி ஒன்பது’ எண்டு பகிடி விடுவம். வெளியில இருக்கிற ஒருத்தர் சொன்னால் பல்லு உடையும்.”

யோகநாதன் ‘ஒன்பது – தடை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். அந்தக் கோடுகள் எங்கே போய் நிற்கும் என்று அன்றைக்கு ஒருவரும் நினைக்கவில்லை.

“முடிவா நான் எந்தச் சொல்லைப் பாவிக்கவேணும்? சுருக்கமாச் சொல்லுங்கோ பிள்ளை.”

“அந்த விசயம் தேவைப்படுற இடத்தில திருநங்கை. தேவைப்படாத இடத்தில தயாளினி. சந்தேகம் எண்டால் அந்த ஆளிட்டையே கேளுங்கோ.”

யோகநாதன் முதல் நாலு சொற்களைத் தாண்டி, ஐந்தாவதை மட்டும் பெரிதாக எழுதினார்: திருநங்கை. மற்றது எழுத இடம் போதவில்லை.

“இன்னொண்டு சேர்,” என்றாள் தயாளினி. “நீங்கள் தொடங்கேக்க ‘திருநங்கை வந்திட்டுது’ எண்டியள்.”

“ஓம். மரியாதையான சொல்தானே?”

“பெயர் மரியாதைதான். முடிவில ‘வந்திட்டுது’ எண்டு மாட்டுக்குச் சொல்லுற மாதிரி வருது.”

“சீ, சீ. பிள்ளையளையும் அப்பிடித்தானே சொல்லுறம். ‘பிள்ளை நித்திரை கொள்ளுது’ எண்டு. அது செல்லம்!”

“கிருசாந்தி அக்கா உள்ளுக்க வந்தால் எப்பிடிச் சொல்லுவியள்?”

“அவா வந்திட்டா.”

“அதுதான் சேர்.”

யோகநாதன் பேனையை மூடினார். பிறகு, வினைமுற்றுகளை ஆராய ஓர் உபகுழு அமைக்கப்படும் என்று அறிவித்தார். அந்த உபகுழு இன்றுவரை கூடவில்லை.

*

அந்த ஏப்ரல் செவ்வாய்க்கிழமை, கிருசாந்தி ‘8 அ’வுக்கு வந்து இருந்தார். தயாளினியைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“அக்கா, என்ர விண்ணப்பம் என்ன மாதிரி?”

“அனுப்பிட்டனே தங்கச்சி. கொழும்பில இருந்து பதில் ஒண்டும் வரேல்ல.”

“வராமல் இருக்காது. கோல் எடுத்துக் கேட்டனான். மார்ச் நடுவிலயே கடிதம் போட்டிட்டினமாம். ஒன்பதாம் கருமபீடத்துக்கு.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கிருசாந்தி ஓடினார். தபால் பிரிக்கும் மேசையின் அடியில், ‘முகவரி இல்லை’ என்று எழுதி ஒட்டிய ஒரு தட்டில், பதினேழு கடிதங்கள் கிடந்தன. எல்லாமே இல்லாத ஒன்பதாம் கருமபீடத்துக்கு வந்தவை. யாரோ ஒருவருடைய கல்யாணப் பதிவு, ஓர் ஓய்வூதியம், மரித்தவர் ஒருவரின் அட்டை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

தயாளினியின் கடிதம் நடுவில் இருந்தது. இரண்டே வரி. ‘பால் என்ற நிரலில் எழுதப்பட்டுள்ளது பிறப்புச் சான்றிதழுடன் பொருந்தவில்லை. திருத்தி மீள அனுப்பவும்.’ கூடவே விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. பால் என்ற நிரலில், கிருசாந்தியின் முத்துமுத்தான எழுத்தில், ‘திருநங்கை’.

தயாளினி தாளைப் பிடித்தபடி நின்றாள். “நான் ‘பெண்’ எண்டெல்லோ எழுதித் தந்தனான்?”

“ஓம்…” கிருசாந்தியின் குரல் இறங்கியது. “சுற்றறிக்கை வந்தது. சகல ஆவணங்களிலும் திருநங்கை எண்டே மரியாதையாக் குறிப்பிடவேணும் எண்டு. நான் மரியாதைக்காகத்தான் வெட்டி எழுதினனான். பிழையோ?”

அவருடைய கண்கள் கலங்கியிருந்ததைக் கண்டு தயாளினிக்குக் கத்தவும் முடியவில்லை. வசவு சொன்னவனைத் திருப்பி ஏசலாம். மரியாதை செய்தவரை என்ன செய்வது?

“அக்கா, புது அட்டை இலக்கத்தில பிறந்த நாளைக் குறிக்கிற எண் வரும் என்ன? பெண்ணெண்டால் அதோட ஐந்நூறு கூட்டுவினம். ஆணெண்டால் இல்லை. திருநங்கை எண்டு எழுதினால் அங்க இருக்கிறவர் எத்தினையைக் கூட்டுவார்? இருநூற்றைம்பதையோ? பிறப்புச் சான்றிதழில பெண் எண்டு வந்தாப்பிறகு இந்த இடத்தில எனக்கு இருக்கிற ஒரே மரியாதையான சொல் ‘பெண்’தான்.”

விஷயம் யோகநாதனின் அறைக்குப் போனது. அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கதிரையில் சாய்ந்துகொண்டார்.

“இது என்ன புதுக்கதை? திருநங்கை எண்டுறது நல்லசொல் எண்டு நீர்தானே சொன்னனீர்? கிருசாந்தி, இது சொன்னதுதானே?”

“தேவைப்படுற இடத்தில எண்டு சொன்னனான்.”

“அந்தப் பகுதி குறிப்பில இல்லையே.”

“இடம் போதாமல் நீங்கள் எழுதேல்ல சேர்.”

“நாங்கள் உங்களுக்காக ஒரு எண்ணையே ஒழிச்சிருக்கிறம். அதுக்கு ஒரு நன்றி இல்லை.”

அன்றைக்கும் அவளை ஏற்றிவந்து வாசலில் நின்ற ரஜிதனால் பொறுக்க முடியவில்லை. “மூண்டு தரம் மூண்டு எத்தினை சேர்?”

“எட்டு அ,” என்றார் யோகநாதன், சிரிக்காமல்.

“இலக்கம் என்ன சேர் பாவம் செய்தது? ஆளைப் பாத்து எறியேக்கதான் அது வசவு. பலகையில இருந்தால் அது கருமபீடம். பலகையைக் கழற்றினியள், பஸ்ஸில எறியிறவன் இன்னும் எறியிறான். கடிதம்தான் துலைஞ்சுது.”

“அப்ப திருப்பி ஒன்பதைப் போட்டால் நான் பிற்போக்குவாதி எண்டு சொல்லமாட்டினமோ?” என்றார் யோகநாதன். அவருடைய முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. அந்தக் கவலைக்குள் தயாளினிக்கு இடமிருக்கவில்லை.

கிருசாந்தி புதுப்படிவம் ஒன்றை எடுத்து, தயாளினியைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு நிரலாக நிரப்பினார். பால்: பெண். கையெழுத்துக்கு மூன்று நாள் போனது. அதற்குள் சித்திரை வருடப்பிறப்பு வந்தது. கையெழுத்து வைக்கவேண்டியவர் ஊருக்குப் போனார், போனவர் லீவை நீட்டினார். படிவம் அலுவலகத்தை விட்டுப் புறப்பட்டபோது ஏப்ரல் இருபத்திரண்டு. தயாளினி பயிற்சி நிலையத்துக்குத் தவணை கேட்டு இரண்டுமுறை எழுதினாள். ‘பட்டியல் காத்திருக்காது’ என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தில் அவளை ‘செல்வி தயாளினி’ என்று மிகச் சரியாக எழுதியிருந்தார்கள்.

*

ஏப்ரல் இருபத்தொன்பதாம் திகதி, ‘சொல்லில் மலரும் மாண்பு’ என்ற கைந்நூல் வெளியீட்டு விழா. நூலில் எழுபத்தொரு சொற்கள் இருந்தன. எதை எங்கே சொல்லவேண்டும் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. பக்க எண்கள் எட்டிலிருந்து பத்துக்குத் தாவின. பத்தொன்பதும் இல்லை. அச்சகத்துக்காரர் ஒவ்வொரு பிரதியையும் பிழையென்று எண்ணி இரண்டுமுறை பிரித்துக் கட்டினாராம்.

தயாளினி போகாமல் விடத்தான் நினைத்தாள். கொழும்பில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி அட்டையை விரைவுபடுத்துவதாக யோகநாதன் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் போனாள். தானே தைத்த நீலச் சட்டையுடன் முன்வரிசையில் இருந்தாள்.

யோகநாதன் ஒலிவாங்கியைப் பிடித்தார். வரவேற்புரை முப்பத்தைந்து நிமிடம். சங்ககாலத்தில் தொடங்கி, தன் வீட்டுக் கிணறு வெட்டிய கதை வழியாக, ஒருவழியாக நிகழ்காலத்துக்கு வந்து சேர்ந்தார்.

“சொல்லால் சுடுவது கொடுமை! இனி எங்கள் அலுவலகத்தில் எவரும் எவரையும் தரக்குறைவாக அழைக்கப்போவதில்லை! இந்நூலின் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்வதற்கு, எங்கள் பெருமதிப்புக்குரிய, மாண்புமிகு திருநங்கை…” கையை விரித்தார். “இந்தா, மேடைக்கு வருது!”

கைதட்டல் எழுந்தது. கிருசாந்தி மட்டும் கையைத் தட்டாமல் முகத்தை மூடிக்கொண்டார்.

தயாளினி மேடையேறினாள். பிரதியை வாங்கினாள். படம் எடுத்தார்கள். ஒலிவாங்கியை அவளிடம் நீட்டி, “ரெண்டு வார்த்தை சொல்லும் பிள்ளை,” என்றார் யோகநாதன்.

“என்ர அடையாள அட்டை என்ன மாதிரி சேர்?” என்றாள் ஒலிவாங்கியில். “அந்தத் தெரிஞ்ச ஆளிட்டைச் சொன்னனீங்களோ?”

யோகநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயோ. விழா அலுவலில அதை மறந்திட்டன்.”

ஓமந்தைப் பயிற்சி நிலையம் முப்பதாம் திகதி பின்னேரம் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டது. அடையாள அட்டை மே மாதம் ஒன்பதாம் திகதி வந்தது.